செய்பவர் தெரியும் வாக்கியம்: நிறுவனச் சிற்றேட்டைத் திருத்தும் முறை

தமிழ் வினைமுற்று தன் ஈற்றிலேயே செய்பவரைக் காட்டிவிடுவதால், ‘அனுப்புவோம்’ என்ற ஒரு சொல்லைப் படிப்பவர் அனுப்பும் பொறுப்பை ஏற்பவர் யார் என்பதையும், அது இனிமேல் நடக்கும் என்பதையும் ஒருசேரப் புரிந்துகொள்கிறார். இதே சொல்லைச் செயப்பாட்டுவினையாக்கி, அதாவது ‘படு’ என்னும் துணைவினையைச் சேர்த்து, ‘பொருள் அனுப்பப்படும்’ என்று எழுதினால் ஈறு பொருளைச் சுட்டத் தொடங்குகிறது. அனுப்புகிறவர் ‘ஊழியரால்’ என்பதுபோல ‘ஆல்’ உருபேற்று வந்தாலொழிய வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை. சிற்றேடு எழுதுவோர் அந்த ‘ஆல்’ உருபைப் பெரும்பாலும் எழுதுவதும் இல்லை. தொழிற்பெயர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: ‘நீக்கு’ என்ற வினை ‘நீக்கம்’ என்று பெயராகும்போது, செய்பவரோடு காலத்தையும் இழந்துவிடுகிறது.

இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில்தான் திருத்துவோருக்கு வேலை மிகுதி. வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்கும் நிறுவனத்தின் சிற்றேட்டில் பின்வரும் வாக்கியம் இருப்பதாகக் கொள்ளலாம்: “வாடிக்கையாளர் புகார்கள் பெறப்பட்டு, உரிய பரிசீலனை மேற்கொள்ளப்பட்ட பின், பழுது நீக்கத்திற்கான நடவடிக்கைகள் விரைந்து எடுக்கப்படும்.” இதில் பெறப்பட்டு, மேற்கொள்ளப்பட்ட, எடுக்கப்படும் என்று மூன்று வினைகள் உள்ளன, மூன்றிலும் செய்பவர் இல்லை. மேலும், ‘மேற்கொள்’, ‘எடு’ ஆகிய இரண்டும் வெறுந்துணையாகவே நிற்கின்றன. உண்மையான வேலையோ ‘பரிசீலனை’, ‘நீக்கம்’ என்னும் பெயர்களுக்குள் அடைந்து கிடக்கிறது. ஆகவே திருத்துபவர் முதலில் அந்தப் பெயர்களைப் பரிசீலி, நீக்கு என்று வினைகளாக்குகிறார். பிறகு ஒவ்வொரு வினையின் முன்னும் ‘யார்?’ என்ற கேள்வியை வைக்கிறார். ‘நடவடிக்கை’ என்ற சொல்லுக்கு இப்போது வேலையே இல்லாததால் அது தானாக உதிர்ந்துவிடுகிறது.

‘யார்?’ என்ற கேள்விக்கு விடை சிற்றேட்டில் இருக்காது என்பதே இத்தொழிலின் முக்கியமான உண்மை. திருத்துபவர் அதை ஊகித்து எழுதக் கூடாது. சேவைப் பிரிவைக் கேட்டே அறிய வேண்டும். தொலைபேசி மையத்தினர் புகாரைப் பதிவு செய்கிறார்கள் என்றும், அந்தந்தப் பகுதியின் தொழில்நுட்பர் 2 வேலை நாளுக்குள் வீட்டுக்குச் செல்கிறார் என்றும் அப்பிரிவு சொன்னால், வாக்கியம் இப்படி மாறும்: “நீங்கள் அழைத்ததும் எங்கள் தொலைபேசி மையத்தினர் புகாரைப் பதிவு செய்வார்கள், உங்கள் பகுதித் தொழில்நுட்பர் 2 வேலை நாளுக்குள் வீட்டுக்கு வந்து, கருவியைப் பார்த்துப் பழுதை நீக்குவார்.” ‘விரைந்து’ என்ற சொல்லின் இடத்துக்கு நாள்கணக்கு வந்திருக்கிறது. அப்படிக் கெடு சொல்ல நிறுவனம் தயங்கினால், பழைய வாக்கியம் மறைத்து வைத்திருந்தது இன்னதென்று அந்தத் தயக்கமே காட்டிக்கொடுக்கும்.

பொருளை முன்னிறுத்தவே செயப்பாட்டுவினை தேவைப்படுகிறது என்று சிலர் கூறுவர். ஆங்கிலத்துக்கு அந்தத் தேவை ஓரளவு உண்டு, ஏனெனில் அம்மொழியில் சொல் நிற்கும் இடமே எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்டுகிறது. தமிழில் அந்த வேலையை ‘ஐ’ உருபு செய்வதால், “வடிகட்டியை எங்கள் பணியாளர் மாற்றித் தருவார்” என்று பொருளை முதலில் வைத்தும் செய்பவரை இழக்காமல் எழுதலாம். ஆங்கில மூலத்தை வரிக்கு வரி பெயர்த்த சிற்றேடுகளில் ‘படு’ மலிந்து கிடப்பதற்கு, இந்த வசதியை மறந்துவிடுவதும் ஒரு காரணம்.

செய்வினையாக மாற்றிவிட்டால் மட்டும் செய்பவர் வந்துவிடுவதில்லை. “எங்கள் தரக் கொள்கை தூய நீரை உறுதிசெய்கிறது” என்பது இலக்கணப்படி செய்வினை வாக்கியமே. ஆனால் கொள்கை எதையும் செய்யாது. ஆய்வகத்தில் நீரைச் சோதிக்கும் ஒருவர் உண்மையில் இருந்தால், அவர் எதை, எத்தனை நாளுக்கொருமுறை சோதிக்கிறார் என்று எழுத வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அவ்வாக்கியத்தை நீக்கிவிடுவதே நேர்மை. ‘படு’ என்ற எழுத்துகளை மட்டும் கணினியில் தேடித் திருத்துபவர் கண்ணுக்கு இத்தகைய போலி எழுவாய் தப்பிவிடும்.

செயப்பாட்டுவினை அப்படியே நிற்க வேண்டிய இடமும் உண்டு. “முத்திரை உடைக்கப்பட்டிருந்தால் உத்தரவாதம் செல்லாது” என்ற நிபந்தனை, உடைத்தவர் யாராயினும் பொருந்துமாறு எழுதியது. இதை “நீங்கள் முத்திரையை உடைத்தால்” என்று திருத்தினால், வெளியிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர் உடைத்த கருவிக்கும் உத்தரவாதம் உண்டு என்று வாடிக்கையாளர் வாதிட வழி பிறக்கும். ஆகவே உத்தரவாதப் பகுதியில் கைவைக்கும் முன் திருத்துபவர் நிறுவனத்தின் சட்டப் பிரிவைக் கலந்துகொள்கிறார்.