மழைக்கு முன் 1.30, மழைக்குப் பின் 1.06

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது சாலையின் ஒருபுறம் பள்ளம், மறுபுறம் செங்குத்தாகச் சீவிவிட்ட செம்மண் சுவர். சாலைக்கு இடம் வேண்டும் என்று மலையின் காலை வெட்டியதால் வந்த சுவர் அது. பொறியாளர்கள் இதை வெட்டுச்சரிவு என்பார்கள். இப்படி ஒரு சரிவு நிற்குமா, விழுமா என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

1916-இல் சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் ஒரு படகுத்துறை சரிந்தது. அதை ஆராய்ந்தவர்கள், மண் ஏறக்குறைய வட்டவில் போன்ற ஒரு பரப்பின் மேல் சறுக்கி இறங்கியிருப்பதைக் கண்டார்கள். அந்த வில்லுக்கு மேலுள்ள மண்ணைச் செங்குத்தான துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வழி அங்கிருந்து பிறந்தது. ஃபெல்லினியஸ் அதைச் செம்மைப்படுத்தினார். 1955-இல் லண்டனில் பிஷப் திருத்தினார்.

ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் வைத்தவை. ஆனால் மலைச்சாலையில் பார்க்கக்கூடியவைதான். உயரம் 10 மீட்டர், சாய்வு 45 பாகை. மண் கன மீட்டருக்கு 1.8 டன். மண்ணின் பிடிப்பு இரண்டு வகை: துகள்கள் ஒட்டி நிற்பதால் வருவது சதுர மீட்டருக்கு 1 டன், உராய்வால் வருவதற்கு உராய்வுக் கோணம் 30 பாகை. அடிவாரத்தில் தொடங்கி, மேல்விளிம்புக்கு 4 மீட்டர் பின்னால் வெளிவருகிற ஒரு வில்லை வரைந்து, மேலுள்ள மண்ணை 2 மீட்டர் அகலத்தில் 7 துண்டுகளாக்கினேன்.

ஐந்தாவது துண்டைப் பாருங்கள். சாலையின் நீளத்தில் ஒரு மீட்டருக்கு அதன் எடை ஏறத்தாழ 19.6 டன். அதன் அடி 38 பாகை சாய்ந்திருக்கிறது. எனவே எடையில் 12.1 டன் வில்லின் வழியே கீழே இழுக்கிறது; 15.4 டன் அடியை அழுத்துகிறது. அழுத்தம் உராய்வைத் தருகிறது, உராய்வு தடுக்கிறது. அடிவாரத் துண்டுகளோ கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால் அவை இழுப்பது குறைவு, தாங்குவது அதிகம். அதனால்தான் சாலையை அகலமாக்க அடிவாரத்தை மட்டும் தோண்டுவது ஆபத்து: தாங்குகிற மண்ணை எடுத்துவிட்டு, தள்ளுகிற மண்ணை விட்டுவைக்கிறோம்.

ஏழையும் கூட்டினால் இழுப்பது 46.9 டன், தடுக்கக் கூடியது 58 டன். 58-ஐ 46.9-ஆல் வகுத்தால் 1.24. இதுதான் பாதுகாப்புக் காரணி. துண்டுகள் ஒன்றையொன்று தள்ளுவதை ஃபெல்லினியஸ் முறை கணக்கில் கொள்வதில்லை. பிஷப் முறை அதை ஓரளவு சேர்த்துக்கொள்கிறது. அதில் அதே வில்லுக்கு 1.30 வருகிறது. இன்னொரு வேலையும் இருக்கிறது. இது ஒரே ஒரு வில். மேலும் நூற்றுக்கணக்கான வில்களை வரைந்து, மிகச் சிறிய எண்ணைத் தரும் வில்லைத் தேட வேண்டும். சரிவின் பாதுகாப்புக் காரணி என்பது அந்தச் சிறிய எண்தான்.

இனி மழை. ஒவ்வொரு துண்டிலும் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் தேங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். மண்ணின் எடையை நான் கூட்டவே இல்லை. இழுப்பது அதே 46.9 டன்தான். ஆனால் துகள்களுக்கு இடையிலுள்ள நீர் மண்ணை மேல்நோக்கித் தாங்குவதால் அடியின் அழுத்தம் குறைகிறது, உராய்வும் குறைகிறது. ஃபெல்லினியஸ் கணக்கில் காரணி 0.99-க்கு இறங்குகிறது, பிஷப் கணக்கில் 1.06-க்கு. ஒன்று விழும் என்கிறது, மற்றது நிற்கும் என்கிறது. இரண்டில் எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. உராய்வுக் கோணத்தையே இரண்டு மூன்று பாகை பிழையில்லாமல் சொல்ல முடியாத மண்ணில், 1.06 என்பது தைரியம் கொள்ளத்தக்க எண் அல்ல. நிரந்தரச் சரிவுக்கு 1.5 வேண்டும் என்று பொதுவாக வைப்பது இந்தப் பிழைகளுக்கு இடம் விடத்தான். 1.5 என்றால் ஒன்றரை மடங்கு காலம் நிற்கும் என்றோ, விழும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்றோ பொருள் இல்லை. மண்ணின் வலிமையை ஒன்றரையால் வகுத்தாலும் சரிவு மட்டுக்கு நிற்கும், அவ்வளவுதான்.

வெட்டிய சரிவுக்குக் கூடுதலாக ஒரு குணம் உண்டு. களிமண்ணாக இருந்தால், வெட்டி முடித்த அன்று அது பலமாகத் தோன்றும். மேலிருந்த பாரம் நீங்கியதால் உள்ளே நீர் அழுத்தம் தாழ்ந்திருக்கும்; பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறும். லண்டன் களிமண்ணில் வெட்டிய ரயில் பாதைச் சரிவுகள் சில, பல பத்தாண்டுகள் நின்ற பிறகே சரிந்தன. ஒப்பந்ததாரர் பணம் வாங்கிக்கொண்டு போகும் நாளில் நிற்கிறது என்பது எதற்கும் சான்றில்லை.

களத்தில் முதலில் பார்க்க வேண்டியது மேல்விளிம்புக்குப் பின்னால் நீளவாக்கில் ஓடும் வெடிப்பு. அந்த இடத்தில் பிடிப்பு போய்விட்டது, அதில் மழைநீரும் இறங்கும். நம் சரிவில் ஒட்டுத்தன்மையை முழுவதும் இழந்துவிட்டால், சொட்டுத் தண்ணீர் இல்லாமலேயே ஃபெல்லினியஸ் எண் 0.86-க்கு வந்துவிடும்.

சரிசெய்யும் வழிகளையும் இதே கணக்குதான் சொல்கிறது. மேலே வடிகால் வெட்டி, சரிவுக்குள் துளையிட்ட குழாய்களைச் செருகி நீரை முற்றிலும் வடித்தாலும் 1.06 திரும்ப 1.30-க்குத்தான் ஏறும். மீதியுள்ள தூரத்துக்குச் சாய்வைப் படுக்க வைக்க வேண்டும், அல்லது இரும்புக் கம்பிகளை ஆழமாகச் செலுத்தி மண்ணைப் பின்னுக்குப் பிணைக்க வேண்டும். சாய்வைப் படுக்க வைக்க மேலே நிலம் வேண்டும்; அது தேயிலைத் தோட்டமாகவோ வீட்டு வாசலாகவோ இருந்தால் மிஞ்சுவது கம்பிதான், செலவும் அதற்கேற்ப ஏறும்.