பாட்டிலில் லோகோ ஒட்டும் கணக்கு

கணினியில் வரைந்த 70 மி.மீ. விட்டமுள்ள பாட்டில். அதில் 60 மி.மீ. அகல லோகோவை ஒட்ட வேண்டும். புதியவர்கள் புரொஜெக்டர் படம்போல நேர் எதிரிலிருந்து அதைப் பாய்ச்சிவிடுவார்கள். முன்னிருந்து பார்த்தால் குறையே தெரியாது, அதுதான் வம்பு!

பாட்டிலைச் சற்றே திருப்பினால் குட்டு வெளிப்படும். வளைவின்மேல் லோகோ 72 மி.மீ.க்கு நீண்டிருக்கும். நடு எழுத்துகள் ஒழுங்காக இருக்க, ஓர எழுத்துகள் ஏறக்குறைய இரு மடங்கு அகலமாகியிருக்கும். பின்பக்கத்திலும் அதே லோகோ இடவலம் மாறி முளைத்திருக்கலாம்.

உருளை முறையில் சுற்றினால் இது சரியாகும். சுற்றளவு சுமார் 220 மி.மீ.; அதில் லோகோவுக்கு 27 சதவீதம். படம் திரும்பத் திரும்ப வராமலிருக்க, பிளெண்டரில் Repeat என்றிருப்பதை Clip என்று மாற்ற வேண்டும்.

ரெண்டருக்கு முன் சதுரங்கக் கட்டப் படம் ஒன்றை ஒட்டிப் பார்ப்பது நல்லது. கட்டங்கள் எங்கும் சதுரமாகவே இருந்தால் லோகோவும் சிதையாது. கழுத்து குறுகும் இடத்தில் மட்டும் இந்த முறை எடுபடாது. அங்கே லேபிளை விசிறி வடிவில் வளைத்தே வரைய வேண்டும்.