யார் எழுதியது என்று தெரியாதபடி

அலுவலகத்தில் ‘த்ரீ-சிக்ஸ்டி’ பற்றிய மின்னஞ்சல் வந்தால், பெரும்பாலானவர்களின் கண் முதலில் தேடுவது ‘உங்கள் பெயர் வெளியே தெரியாது’ என்ற வரியைத்தான். மேலதிகாரி மட்டும் மதிப்பிடாமல், சக ஊழியர்களும் கீழே வேலை பார்ப்பவர்களும் சேர்ந்து ஒருவரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முறை இது. வாக்குறுதி தருகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் தருகிறார்கள். ஆனால், அறிக்கை கைக்கு வரும்போது சாதாரணக் கூட்டல் கழித்தலிலேயே அது உடைந்துவிடுவது உண்டு.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். அங்கே டிஸ்பாட்ச் பிரிவின் மேனேஜரைப் பற்றிக் கருத்துக் கேட்கிறார்கள். 5-க்கு எத்தனை மதிப்பெண் என்பது கேள்வி. அவருடைய மேலதிகாரி ஒருவர், மற்றப் பிரிவு மேனேஜர்கள் 5 பேர், அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் 4 பேர். அந்த நாலு பேரில் 2 பேர்தான் பதில் எழுதினார்கள்.

ஹெச்.ஆர். விவரமானவர். 3 பேருக்குக் குறைவாகப் பதில் வந்த பிரிவின் சராசரியைத் தனியாகக் காட்டக் கூடாது என்ற பரவலான விதியைப் பின்பற்றி, அந்த இரண்டு பேரின் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். மேலதிகாரி ஒருவரே என்பதால் அவர் கொடுத்த 4 வெளிப்படையாகத்தான் இருக்கும். அது அவருக்கும் தெரியும். சக மேனேஜர்களின் சராசரி 4. கடைசி வரியில் ‘மொத்தச் சராசரி 3.5’ என்று இருக்கிறது. அங்கேதான் ஓட்டை. 8 பேரின் மொத்தம் 28. அதில் சக மேனேஜர்களின் 20-ஐயும் மேலதிகாரியின் 4-ஐயும் கழித்தால் மிச்சம் 4. அதாவது, காலியாக விட்ட கட்டத்தில் இருப்பது சராசரி 2. டிஸ்பாட்ச் மேனேஜருக்குக் கணக்கு வராமலா இருக்கும்? அடுத்த நாள் டீக்கடையில் ஒருவர், “நான் நல்ல மார்க்தான் போட்டேன் சார்” என்று சொல்லிவிட்டால், சந்தேகம் முழுவதும் மற்றவர் தலையில் விழும்.

தீர்வு எளிது. ஒரு பிரிவை மறைத்தால் மொத்தச் சராசரியையும் மறைக்க வேண்டும். அல்லது கீழே வேலை செய்யும் இருவரையும் சக மேனேஜர்கள் ஐவரையும் ‘உடன் பணிபுரிவோர்’ என்று ஒரே பிரிவாக்கி, 7 பேருக்கும் சேர்த்து 3.4 என்று காட்டலாம். இந்த இணைப்பு நடக்கக்கூடும் என்பதை எழுதுவதற்கு முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். கூடவே, 3 என்ற எண் எத்தனை பேரைக் கேட்டோம் என்பதற்கானது அல்ல, எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்பதற்கானது. ஆகவே, 3 பதில் வேண்டுமென்றால் குறைந்தது 5 பேரையாவது கேட்க வேண்டும். நாலே பேர் உள்ள டீமில் அதற்கு வழியில்லை என்றால், தனிப் பிரிவு என்ற பேச்சையே ஆரம்பத்தில் விட்டுவிடுவது நல்லது.

ஹெச்.ஆருக்கும் பெயர் தெரியாது என்று சொல்வதும் பல இடங்களில் பொய். ஒவ்வொருவருக்கும் தனித்தனி லிங்க் அனுப்பி, எழுதாதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் போகிறது என்றால், யார் எழுதினார் என்பது எங்கோ பதிவாகிறது என்றுதானே பொருள்? ‘பெயர் கணினியில் இருக்கும், இன்னார் மட்டும் பார்க்க முடியும், அறிக்கையில் வராது’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம். ஊழியர்கள் இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் அல்ல. பெயர் தெரிவது எழுதுகிறவரின் கையை எப்படிப் பிடிக்கிறது என்பதை டேவிட் அன்டோனியோனி 1994-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெயர் தெரியும்படி மதிப்பிட்டவர்கள், பெயர் மறைத்து மதிப்பிட்டவர்களைவிடத் தங்கள் மேனேஜர்களுக்குக் கூடுதலாக மதிப்பெண் போட்டார்கள். மேனேஜர்களோ, பெயரோடு வரும் கருத்தைத்தான் விரும்பினார்கள்.

எண்களை மறைப்பது இப்படிச் சுலபம். கமென்ட்தான் கடினம். பயனுள்ள கமென்ட் குறிப்பாக இருக்க வேண்டும்; குறிப்பாக எழுதினால் ஆள் தெரிந்துவிடும். ‘திமிர் பிடித்தவர்’ என்று எழுதினால் யாரென்று தெரியாது, ஆனால் படிப்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ‘ஜூன் மாதம் லாரி தாமதமானபோது ராத்திரி எனக்குப் போன் செய்து கத்தினார்’ என்று எழுதினால் விஷயம் தெளிவு, எழுதியவரும் தெளிவு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேராவது பார்த்திருக்கக்கூடிய, ஒருமுறைக்கு மேல் நடந்த பழக்கத்தை மட்டும் எழுதுங்கள் என்று கேட்பதுதான் அது. ‘ஷிப்ட் முடியும் நேரத்தில் எந்த ஆர்டர் முதலில் போக வேண்டும் என்பதை மாற்றுகிறார். பேக் செய்ததைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. மாலை 4 மணிக்குள் சொல்லிவிட்டால் வேலை மிச்சமாகும்.’ இதில் அவர் செய்வது, அதன் விளைவு, பதிலாகச் செய்யக்கூடியது மூன்றும் இருக்கின்றன. டிஸ்பாட்சில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

இப்படி எழுத வைப்பது பாதி கேள்வியின் வேலை. ‘இவருடைய பலவீனங்கள் என்ன?’ என்று கேட்டால் குணத்தைப் பற்றிய தீர்ப்புதான் வரும். ‘கடந்த 6 மாதங்களில் இவர் அடிக்கடி செய்த எது உங்கள் வேலையைத் தாமதப்படுத்தியது? அதற்குப் பதில் என்ன செய்யலாம்?’ என்று கேட்டால் செயல் வரும். இந்த வித்தியாசம் சின்னது அல்ல. க்ளூகரும் டெனீசியும் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து அலசியபோது, கருத்துச் சொன்ன பிறகு வேலைத்திறன் குறைந்த நேர்வுகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்தன. கவனம் வேலையை விட்டுத் தன்னைப் பற்றிய எண்ணத்துக்குத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம்.

நம் ஊர் அலுவலகங்களில் இன்னொரு சிக்கல், மொழி. எல்லோரும் ஆங்கிலத்தில் தட்டும் இடத்தில் ஒருவர் மட்டும் தமிழில் எழுதினால், கையெழுத்துப் போட்டதற்குச் சமம். ‘ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்’ என்று வாய்க்கு வாய் சொல்பவரும் அப்படியே. எழுதியதை எழுதியபடியே தர வேண்டும், மாற்றினால் வலு போய்விடும் என்று இத்துறையில் பலர் சொல்வார்கள். பெரிய நிறுவனத்துக்கு அது சரி. பத்துப் பேர் கருத்துச் சொல்லும் இடத்தில், டீமுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் எல்லாவற்றையும் ஒரே நடையில் திருத்தி எழுதுவதே மேல் என்பது என் கட்சி. கேள்விக்குக் கேள்வி கமென்ட்களின் வரிசையையும் கலைத்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாக் கேள்வியிலும் மூன்றாவதாக வருபவர் ஒரே ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும் இந்தப் பெட்டிக்குள் போடவும் கூடாது. பாலியல் தொந்தரவு என்றால் அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ள புகார்க் குழு இருக்கிறது. பணமோசடிக்கு வேறு வழி. பெயரில்லாத ஒரு வரியை வைத்து யாரும் விசாரிக்க முடியாது. படிவத்தின் மேலேயே இதை எழுதிவிட வேண்டும்.

இன்க்ரிமென்ட்டோடு இதை முடிச்சுப் போட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. ‘நீ எனக்கு 5 போடு, நான் உனக்கு 5 போடுகிறேன்’ என்று பேசி முடித்துவிடுவார்கள். மத்திய அரசு மூத்த அதிகாரிகளின் தேர்வுக்கு இத்தகைய பலமுனைக் கருத்தைப் பயன்படுத்தியபோது, அது வெளிப்படையாக இல்லை என்று 2017-இல் நாடாளுமன்ற நிலைக்குழு குறை சொன்னது. யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, என்ன சொன்னார்கள் என்பதே சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாவிட்டால், அவர் எதைத் திருத்திக்கொள்வார்?

ஆகவே, அறிக்கை முதலில் சம்பந்தப்பட்டவர் கைக்கே போக வேண்டும். தனியாக அல்ல, படித்துக் காட்டப் பழகிய ஒருவரோடு உட்கார்ந்து. பிறகு அவர் டீமிடம், “சாயங்காலம் நான் ஆர்டரை மாற்றுவது சிரமமாக இருக்கிறது என்று வந்திருக்கிறது. இனிமேல் 4 மணிக்குப் பிறகு மாற்றமாட்டேன்” என்று ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் போதும். “இதை யார் எழுதியது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும் கதை முடிந்தது. அடுத்த சுற்றில் எல்லோரும் 4 போட்டு, கமென்ட் கட்டத்தில் ‘நல்ல மனிதர்’ என்று எழுதியிருப்பார்கள்.