போனில் பார்த்த பக்கம் லேப்டாப்புக்கும் டிவிக்கும் போகும் வழி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிக்கை வந்துவிட்டது என்று தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புகிறாள். பேருந்தில் நின்றுகொண்டே போனில் அதைத் திறந்து மேலோட்டமாகப் பார்த்துவிடலாம். ஆனால் கல்வித்தகுதி, சான்றிதழ் விவரம் எல்லாம் நிரப்ப வீட்டிலிருக்கும் லேப்டாப்தான் தோது. இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது, லிங்கை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது. வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, அந்தச் செய்தியைத் தேடி எடுக்க வேண்டும். காரியம் நடந்துவிடும். இதைவிடக் குறுக்கு வழி ஒன்று போனிலுள்ள குரோமிலேயே இருக்கிறது.

பக்கம் குரோமில் திறந்திருக்கும்போது மேலே வலது ஓரத்து மூன்று புள்ளிகளைத் தொட்டு, Share என்பதைத் தொடுங்கள். வருகிற வரிசையில் Send to your devices என்று ஒன்று இருக்கும். சில பதிப்புகளில் Send to devices என்று மட்டும் இருக்கும். அதைத் தொட்டால் உங்கள் லேப்டாப்பின் பெயர் வரும். அதன் கீழே அது கடைசியாக எப்போது இயங்கியது என்பதும் தெரியும். பெயரைத் தொட்டுவிட்டு போனைப் பையில் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் லேப்டாப் மூடியிருந்தாலும் கவலையில்லை. பிறகு அதில் குரோமைத் திறக்கும்போது, போனிலிருந்து ஒரு பக்கம் வந்திருக்கிறது என்ற அறிவிப்பு வரும். அதைச் சொடுக்கினால் பக்கம் திறந்துவிடும்.

இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பேருந்தில் மொபைல் டேட்டாவில் இருக்கும் போனிலிருந்து கூகுளின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் லேப்டாப்புக்கு வருகிறது. தேவையானது ஒன்றே: இரண்டு குரோமிலும் ஒரே கூகுள் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். பட்டியலில் லேப்டாப்பின் பெயரே வரவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியதும் இதைத்தான். போனில் சொந்தக் கணக்கு, லேப்டாப்பில் அலுவலகக் கணக்கு என்று இருப்பது வெகு சாதாரணம். ஜிமெயிலை லேப்டாப்பில் திறந்து வைத்திருப்பது மட்டும் போதாது. குரோமின் மேல் ஓரத்தில் உள்ள வட்டப் படத்தைச் சொடுக்கினால் அந்த குரோம் யார் கணக்கில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். லேப்டாப்பை நெடுநாள் திறக்காமல் வைத்திருந்தாலும் பெயர் பட்டியலிலிருந்து விலகிப்போகும். ஒருமுறை குரோமைத் திறந்துவிட்டால் மீண்டும் வரும்.

Send to your devices என்ற வரியே கண்ணில் படாமல் போவதற்கு வேறொரு காரணம் உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற செயலிகளுக்குள் லிங்கைத் தொட்டால் பக்கம் அந்தச் செயலியின் வயிற்றுக்குள்ளேயே திறக்கும். பார்க்க குரோம் மாதிரியே இருந்தாலும் அது குரோம் அல்ல. அங்குள்ள மெனுவில், வெளி பிரவுசரில் திற என்ற பொருளில் இருக்கும் வரியைத் தொட்டு, குரோமுக்கு வந்த பிறகு அனுப்ப வேண்டும்.

இப்போது நம் விண்ணப்பதாரர் அனுப்பிய பக்கத்துக்கு வருவோம். அவர் போனிலேயே லாகின் செய்து, விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம் வரை நிரப்பிவிட்டு, மீதியை லேப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பினால் என்ன ஆகும்? லேப்டாப்பில் மறுபடி லாகின் பக்கம்தான் வரும். ஏனென்றால் போனிலிருந்து போவது பக்கம் அல்ல, பக்கத்தின் முகவரி மட்டுமே. விலாசம் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தால் வீட்டுச் சாவியும் சேர்ந்து வராதல்லவா, அப்படித்தான் இதுவும். போனில் தட்டச்சிட்டுச் சேமிக்காமல் விட்டவையும் வராது. அறிவிக்கையின் பி.டி.எஃப்பை போனில் இறக்கி, அதைத் திறந்து வைத்து அனுப்ப முயல்வதும் வீண். அதன் முகவரி https:// என்று தொடங்காமல் content:// என்றோ file:// என்றோ தொடங்கும். அது அந்த போனுக்குள் மட்டும் செல்லுபடியாகும் விலாசம். இறக்குவதற்கு முன்பிருந்த இணையப் பக்கத்தை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கோப்பையே அனுப்ப வேண்டும். கோப்புக்கு ஆண்ட்ராய்டின் Quick Share இருக்கிறது. விண்டோஸுக்கும் அதன் செயலி உண்டு.

ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதி இருக்கிறது. மொசில்லா கணக்கு வேண்டும். ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்கள் சஃபாரியில் ஏர்டிராப் வழியாக அனுப்பலாம். ஆனால் ஏர்டிராப்புக்கு இரண்டும் அருகருகே இருக்க வேண்டும், பேருந்திலிருந்து வீட்டுக்கு அனுப்ப முடியாது.

அனுப்ப மறந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. இரண்டு கருவிகளிலும் டேப் சிங்க் இயங்கினால், லேப்டாப் குரோமின் History பகுதியில் Tabs from other devices என்பதன் கீழ் போனில் திறந்திருக்கும் பக்கங்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். இன்காக்னிட்டோ பக்கங்கள் மட்டும் வராது. வசதிதான்; ஆனால் வீட்டில் எல்லோரும் தொடும் லேப்டாப்பில் உங்கள் கணக்கு இருந்தால், நீங்கள் போனில் எந்த டாக்டரைப் பற்றித் தேடினீர்கள் என்பது வரை மற்றவர் கண்ணில் படும். பொதுக் கணினியில் சிங்க் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிவிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. Send to your devices பட்டியலில் டிவி வராது. டிவிக்கு அனுப்ப விரும்புவதும் பெரும்பாலும் படிக்கும் பக்கம் அல்ல, வீடியோ. யூடியூப் லிங்க் என்றால் அதைத் தொட்டதும் போனின் யூடியூப் செயலி திறக்கும். மேலே, மூலையில் வைஃபை வளைவுகள் போட்ட சின்னப் பெட்டி போல ஒரு படம் இருக்கும், அதுதான் காஸ்ட். அதைத் தொட்டு டிவியின் பெயரைத் தேர்ந்தால் படம் அங்கே ஓடும். இங்கும் போனிலிருந்து போவது வீடியோவின் அடையாளம் மட்டுமே. வீடியோவை டிவி தானே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் போனில் அழைப்பு வந்தால் பேசலாம், திரையை அணைக்கலாம், படம் நிற்காது.

காஸ்ட் படம் இல்லாத தளங்களுக்கு இருக்கும் வழி, போன் திரையை அப்படியே டிவியில் பிரதிபலிக்கச் செய்வது. அதில் போன் தொடர்ந்து உழைக்க வேண்டும், பேட்டரி கரையும். நடுவில் வரும் வாட்ஸ்அப் செய்தியும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தினர்முன் பெரிதாகத் தெரியும். முடிந்தவரை காஸ்ட்டே மேல்.

காஸ்ட் பட்டியலில் டிவி தெரியவில்லையா? போன் மொபைல் டேட்டாவில் இருக்கும், டிவி வைஃபையில் இருக்கும். அல்லது இரண்டும் வைஃபைதான், ஆனால் போன் விருந்தினருக்கான நெட்வொர்க்கில் இருக்கும். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுத்து வைத்திருப்பார்கள். போனில் விபிஎன் ஓடினாலும் இதே தொல்லை. நெட்வொர்க்கை மாற்ற முடியாத இடத்தில், டிவியிலுள்ள யூடியூப் செயலியின் Settings-இல் Link with TV code என்பதைத் திறந்தால் ஓர் எண் வரும். அதை போன் யூடியூபின் அமைப்புகளில் Watch on TV என்ற இடத்தில் இட்டால் போதும், ஒரே வைஃபை தேவையில்லை.

இப்படி இணைத்தது தானாக அறுந்துவிடாது. உறவினர் வீட்டு டிவியில் இணைத்திருந்தால், ஊருக்குத் திரும்பிய பின்னும் அந்த டிவி உங்கள் பட்டியலில் நிற்கும். கை தவறித் தொட்டால் நீங்கள் பார்க்கும் வீடியோ அவர்கள் கூடத்தில் ஓடத் தொடங்கும். கிளம்பும் முன் அந்த டிவியின் யூடியூப் அமைப்புகளில் Linked devices பகுதிக்குப் போய் உங்கள் போனை நீக்கிவிடுங்கள்.