ஒரே புடவை, இரண்டு நிறம்

முகூர்த்த வீடியோவைப் போட்டுக் காட்டியதும் மணப்பெண்ணின் அம்மா கேட்டது இதுதான்: “தம்பி, தாலி கட்டுறப்ப மட்டும் ஏன் வேற புடவை மாதிரி இருக்கு?”

மேடை முழுவதும் தெரியும் காட்சியில் கூறைப்புடவை நல்ல அரக்கு நிறம். அடுத்த நொடி, முகத்தை நெருக்கிக் காட்டும் காட்சியில் அதே புடவை ராணிக் கலர். மாலை முழுக்க இப்படி மாறி மாறி வந்தது. படம் பிடித்தவை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கேமராக்கள். வெட்டி ஒட்டிய நான் இரண்டின் நிறத்தையும் சமன் செய்யவில்லை. படம் அழகாக இருக்கட்டும் என்று ஒரு சினிமா வண்ணத்தை மட்டும் மேலே போர்த்தியிருந்தேன்.

நான் செய்தது கிரேடிங். செய்யாமல் விட்டது கரெக்ஷன்.

இரண்டையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். 2000இல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் விளங்கும். மிசிசிப்பியில் பச்சைப் பசேலென்ற கோடையில் எடுத்த படம் அது. இயக்குநர்களான கோயன் சகோதரர்களுக்கு வேண்டியிருந்ததோ காய்ந்துபோன, புழுதி படிந்த ஊர். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீகின்ஸ் படச்சுருளைக் கணினிக்குள் கொண்டுவந்து, அந்தப் பச்சையை வைக்கோல் மஞ்சளாக்கினார். கேமரா எந்தத் தவறும் செய்யவில்லை. இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. கதைக்காக வேண்டுமென்றே மாற்றினார்கள். அது கிரேடிங். அரக்குப் புடவை ராணிக் கலராகத் தெரிவதோ கேமரா தந்த பிசகு. அதை நேராக்குவது கரெக்ஷன். பிசகு இருக்கும்போதே மேலே வண்ணம் ஏற்றினால் இரண்டு காட்சிகளும் இரண்டு விதமாக மாறும். சில சமயம் வித்தியாசம் முன்னைவிடப் பெரிதாகிவிடும்.

அந்தப் பிசகு எப்படி வந்தது? மேடையைப் படம் பிடித்த கேமராவில் ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் பூட்டி வைத்திருந்தார்கள். நெருக்கக் காட்சி எடுத்த கேமராவில் அது ஆட்டோவில் இருந்தது. சட்டகம் முழுக்கச் சிவப்புப் பட்டு நிறைந்ததும், விளக்குதான் சிவப்பாக எரிகிறது என்று அந்தக் கேமரா கணக்குப் போட்டுச் சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டிவிட்டது. ஆட்டோவில் எடுத்த கல்யாண வீடியோக்களில் பட்டுப்புடவை நிறம் மாறுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான்.

அன்று இரவே வேலையை முதலிலிருந்து தொடங்கினேன். எந்தக் கேமராவை எதற்கு இணையாக்குவது என்பதுதான் முதல் முடிவு. அழகாக இருப்பதை அளவுகோலாக வைக்கத் தோன்றும். நான் அப்படிச் செய்வதில்லை. வளையாததை அளவுகோலாக வைத்து, வளைவதை அதன் பக்கம் கொண்டுவருவேன். மேடைக் கேமரா 8 பிட்டில், நிறம் ஏற்கெனவே முடிவான நிலையில் பதிவு செய்திருந்தது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். அதிகம் இழுத்தால் பின்சுவரில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நெருக்கக் கேமரா 10 பிட்டில், ‘லாக்’ எனப்படும் வெளிறிய நிலையில் பதிவு செய்திருந்தது. அதில் 1024 படிகள். ஆகவே நெருக்கக் காட்சிதான் நகர வேண்டும்.

அடுத்தது அளவு. கண்ணை மட்டும் நம்பினால் இங்கே ஏமாந்துபோவோம். மஞ்சள் சாய்ந்த படத்தைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே வெள்ளையாகத் தோன்ற ஆரம்பிக்கும். நான் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் RGB Parade என்ற வரைபடம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று 0 முதல் 1023 வரை அது காட்டும். இரண்டு கேமராவிலும் விழுந்திருந்த ஒரே பொருளாகப் பார்த்து, புரோகிதரின் பருத்தி வேட்டியை எடுத்துக்கொண்டேன். மேடைக் காட்சியில் அதன் மூன்று நிறங்களும் ஏறக்குறைய 700இல் நின்றன. நெருக்கக் காட்சியில் சிவப்பு 650, நீலம் 760.

மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை எடுத்திருக்கலாமா? இரண்டு கேமராவையும் ஒன்றாக்க மட்டும் என்றால் எடுக்கலாம். ஒரே பொருள் ஒரே அளவில் நின்றால் போதும். ஆனால் பட்டு வேட்டி சந்தன வெண்மை. அதைத் தூய வெள்ளை என்று நினைத்து மூன்று நிறங்களையும் சமமாக்கினால் மண்டபமே நீலம் பூத்துவிடும்.

முதலில் வெளிச்சத்தைச் சமன் செய்துவிட்டுத்தான் நிறத்துக்கு வந்தேன். வெளிச்சம் மாறினால் நிறமும் மாறித் தெரியும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. லாக் நிலையிலேயே Offset சக்கரத்தைத் திருப்பிச் சிவப்பை ஏற்றினேன், நீலத்தை இறக்கினேன். அதன் பிறகுதான் படத்தைச் சாதாரணத் திரைக்கான நிறத்துக்கு மாற்றினேன். வெளிறிய நிலையில் திருத்தினால் வெளிச்சமான இடம், நிழல் இரண்டும் ஒன்றுபோல நகரும். மாற்றிய பிறகு திருத்தினால் வேட்டி சரியாகும், ஆனால் கன்னத்தில் நீலச் சாயல் தங்கிவிடக்கூடும். சரியாக வந்ததா என்று பார்க்க மணப்பெண்ணின் கூந்தலைப் பாருங்கள். கறுப்பிலும் மூன்று நிறமும் ஒரே அளவில் அடங்கியிருக்க வேண்டும்.

முகத்துக்கு இன்னொரு கருவி இருக்கிறது. வெக்டர்ஸ்கோப் என்ற வட்ட வரைபடத்தில் தோல் நிறத்துக்கென்று ஒரு கோடு உண்டு. மாநிறமோ கறுப்போ சிவப்போ, மனிதத் தோல் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். மஞ்சள் பூசிய முகம் அதில் விழாது. கோட்டைவிட்டு மஞ்சள் பக்கம் தள்ளி நிற்கும். அதை இழுத்துக் கோட்டில் வைத்துவிட்டால் அம்மா பூசிவிட்ட மஞ்சள் காணாமல் போய்விடும். அன்று நான் மணப்பெண்ணின் முகத்தைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற தோழியின் முகத்தைத்தான் கோட்டோடு ஒப்பிட்டேன்.

இத்தனைக்குப் பிறகும் புடவையில் லேசான வேறுபாடு மிஞ்சியது. ஒவ்வொரு நிறுவனமும் சென்சாரின் மேல் வைக்கும் வண்ண வடிகட்டி வேறு. வெள்ளையும் தோலும் ஒத்துப்போனாலும் அடர் சிவப்பு பிரிந்து நிற்கும். Hue vs Hue என்ற வளைகோட்டில் அந்தச் சிவப்பை மட்டும் சற்றுத் திருப்பினேன். ஆனால் உதடும் தோலும் சிவப்புக்கு மிக அருகில் இருப்பவை. அவையும் சேர்ந்து திரும்பாமல் இருக்க, புடவையைச் சுற்றி ஒரு முகமூடி வரைந்து, அது முகத்தோடு நகராமல் புடவையோடு நகரும்படி செய்ய வேண்டியிருந்தது. அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது.

இன்னொரு சிக்கல், ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் காட்சியின் நடுவிலேயே நகர்ந்திருந்தது. கேமரா பின்வாங்கி மேடை தெரியத் தெரிய நிறமும் மெல்லத் திரும்பியது. தொடக்கத்தில் ஒரு திருத்தம், முடிவில் வேறு திருத்தம் வைத்து, இடையில் படிப்படியாக மாறும்படி செய்தேன்.

சரிசெய்ய முடியாததும் இருந்தது. வரவேற்பில் யாரோ ஊதா எல்.இ.டி. விளக்கைப் போட்டிருந்தார்கள். அந்த ஒளியில் பச்சையும் சிவப்பும் கேமராவுக்குள் போதுமான அளவு வரவே இல்லை. பதிவாகாத நிறத்தை எந்தச் சக்கரமும் மீட்டுத் தராது. அதிக வெளிச்சத்தில் வெளுத்துப்போன ஜரிகையும் அப்படித்தான்.

எல்லாக் காட்சிகளும் ஒன்றான பிறகு, முன்பு போர்த்திய அதே சினிமா வண்ணத்தை மொத்தக் காட்சிகளுக்கும் சேர்த்து ஒரே அடுக்காக மேலே வைத்தேன். இந்த முறை அது எல்லாக் காட்சியிலும் ஒரே மாதிரி உட்கார்ந்தது.

கல்யாணம் படம் பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கேமராவிலும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்து, ஒரே கெல்வின் எண்ணை வையுங்கள். முகூர்த்தத்துக்கு முன் மேடை விளக்கின் கீழ் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பத்து விநாடி பிடித்து, எல்லாக் கேமராவிலும் பதிவு செய்துகொள்ளுங்கள். வேட்டியைத் தேடி அலையும் வேலை எடிட்டருக்கு மிச்சமாகும்.