பாய்லர் உறுமினால் பிரஷர் முள்ளைப் பாருங்கள்

லண்டனில் குளிர்காலக் காலை. ஹீட்டிங் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பாய்லர் உறுமுகிறது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்குமுன் எழுமே, அதே இரைச்சல்தான். நடுநடுவே டமடமவென்று தட்டும் ஓசையும் கேட்கும். "இந்த ஊர்த் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி, அப்படித்தான் இருக்கும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்பு உண்மைதான். ஆனால் அது பாய்லருக்குள் எந்த வழியாக வந்தது என்று கேட்டால்தான் கோளாறின் வேர் பிடிபடும்.

லண்டனுக்குக் குடிநீர் தரும் தேம்ஸ், லீ ஆறுகளுக்கு நீரூட்டும் மலைச்சரிவுகள் பெரும்பாலும் சுண்ணப்பாறை. மழைநீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு அந்தப் பாறையைக் கரைத்துக் கீழே இறங்குகிறது. அதனால் லண்டனின் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் லிட்டருக்கு 250 முதல் 300 மில்லிகிராம் வரை கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான கடினத்தன்மை கொண்டது. 200-ஐத் தாண்டினாலே அது கடினநீர். சர்க்கரையும் சாதாரண உப்பும் சூட்டில் கூடுதலாகக் கரையும்; இதுவோ நேர்மாறு. தண்ணீர் சூடாகும்போது கரியமில வாயு வெளியேறுகிறது, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிறது. எந்த இடம் மிகச் சூடோ அங்கேதான் அது முதலில் ஒட்டும். பாய்லரில் அந்த இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஒருபக்கம் எரிவாயுச் சுடர், மறுபக்கம் தண்ணீர், நடுவில் மெல்லிய உலோகச் சுவர்.

சுண்ணாம்புப் படிவு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடப் பல மடங்கு மோசமான வெப்பக்கடத்தி. அது ஒட்டியபின் சுடரின் சூடு தண்ணீருக்குப் போக வழியின்றி உலோகத்திலேயே தேங்குகிறது. குழாய்களில் ஓடும் நீர் 70 டிகிரியில்தான் இருக்கும். வழக்கமான அழுத்தத்தில் அது கொதிக்க 120 டிகிரி வேண்டும். ஆனால் படிவின் நுண்துளைகளில் சிக்கிய நீர், காய்ந்த உலோகத்தைத் தொட்டபடி அந்தச் சூட்டை எட்டிவிடுகிறது. அங்கே தோன்றும் நீராவிக் குமிழிகள் வெளியே வந்து, சற்றுக் குளிர்ந்த நீரில் பட்டதும் சட்டென நசுங்கி உடைகின்றன. உறுமலும் தட்டலும் அந்த உடைசலின் ஓசை.

இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். இன்று இங்கிலாந்து வீடுகளில் பரவலாக இருப்பது காம்பி பாய்லர். அதற்குள் இரண்டு வெப்பமாற்றிகள். முதலாவது, சுடரில் நேராகச் சூடாகி ரேடியேட்டர்களுக்கு நீரை அனுப்புவது. இரண்டாவது, தகடுகளை அடுக்கிய சின்னப் பெட்டி. குளியலறைக் குழாய்க்குப் போகும் புதுத் தண்ணீர் அதில் சூடாகிறது. இந்த இரண்டாவதன் வழியே தினமும் புதிய கடினநீர் ஓடுகிறது. அதனால் அங்கே படிவு சேர்வது இயல்பு. ரேடியேட்டர் வட்டமோ மூடிய வட்டம். உள்ளே ஏறக்குறைய 100 லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்றால், அதில் உள்ள சுண்ணாம்பு மொத்தமே 30 கிராம். ஒருமுறை படிந்தால் அவ்வளவுதான், மேலும் படியச் சரக்கு இல்லை. ஆகவே முதல் வெப்பமாற்றியில் பெரும்படிவு இருந்தால், மூடிய வட்டத்துக்குள் யாரோ மீண்டும் மீண்டும் புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றே பொருள்.

அது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். பிரஷர் முள் வாரம் ஒருமுறை 1 பாருக்குக் கீழே இறங்குகிறது. பாய்லருக்கு அடியில் இருக்கும் ஃபில்லிங் லூப் குழாயைத் திறந்து 1.5 பார் வரை ஏற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். ஆண்டுக்கு 75 லிட்டர். அதாவது ஆண்டுதோறும் 20 கிராமுக்கு மேல் புதிய சுண்ணாம்பு, அதுவும் நேராகச் சூடான உலோகத்தைத் தேடி. இதோடு முடியவில்லை. அரிப்பைத் தடுக்கக் கலந்திருந்த மருந்து ஓராண்டில் பாதிக்குமேல் வெளியேறிவிடும். புதுநீரோடு வரும் ஆக்சிஜன் ரேடியேட்டர் இரும்பை அரித்துக் கறுப்புச் சேறாக்கும். அந்தச் சேறும் குறுகிய நீர்வழிகளை அடைத்து, நீரோட்டத்தைக் குறைத்து, இதே உறுமலை எழுப்பும்.

அந்த நீர் எங்கே போகிறது? பல வீடுகளில் தரையில் ஒரு சொட்டும் இருக்காது. குற்றவாளி பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசல். சூடாகும் நீர் விரிவடைவதைத் தாங்கிக்கொள்ளக் காற்று அடைத்து வைத்திருக்கும் கலம் அது. காற்று போய்விட்டால், ஹீட்டிங் ஓடும்போது அழுத்தம் 3 பாரை எட்டும். பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் செப்புக் குழாய் வழியே நீர் வெளியே கொட்டும். காலையில் ஆறியதும் முள் தரைதட்டும். ஆகவே பார்க்க வேண்டியது மூன்று: ஆறியிருக்கும்போது முள் எங்கே, சூட்டில் எங்கே, வெளிக்குழாய் முனை ஈரமா. ஃபில்லிங் லூப் சரியாக மூடாமல் கசிந்தாலும் அழுத்தம் மெல்ல ஏறி இதே வால்வு ஒழுகும். அப்போது வீட்டார் தொடாமலேயே சுண்ணாம்பு உள்ளே போகும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதும் ஒரு சாட்சி. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் மட்டும் உறுமல், நீர் ஒருகணம் சூடு ஒருகணம் குளிர்ச்சி என்றால், பழுது தகட்டுப் பெட்டியில். ஹீட்டிங் ஓடும்போதும் கேட்டால் முதல் வெப்பமாற்றியையும் நீரோட்டத்தையும் சோதிக்க வேண்டும். ரேடியேட்டரிலிருந்து எடுத்த நீர் கறுப்பாக இருந்து, அதன் வண்டல் காந்தத்தில் ஒட்டினால் இரும்புச் சேறு. சலசலவென்று மட்டும் கேட்டால் அது சிக்கிய காற்றாக இருக்கலாம்.

தீர்வில் வரிசை முக்கியம். முதலில் நீர் இழப்பை நிறுத்த வேண்டும்: வெசலில் காற்றேற்ற வேண்டும், அல்லது கசியும் வால்வை மாற்ற வேண்டும். பிறகு வட்டத்தைச் சுத்தம் செய்து, அந்த உலோகத்துக்கு ஒத்த அமிலக்கரைசலால் படிவைக் கரைக்க வேண்டும். அலுமினிய வெப்பமாற்றிக்குப் பொருந்தாத அமிலம் சுவரையே அரித்துவிடும். கடைசியாக மருந்து கலந்து, ஆண்டுதோறும் அதன் அளவைச் சோதிக்க வேண்டும். முதல் படியைத் தவிர்த்துவிட்டுப் படிவை மட்டும் கரைத்தால் சத்தம் மறுபடி வரும். பாய்லரின் உள் உறையைத் திறக்கும் எரிவாயு வேலை, கேஸ் சேஃப் பதிவு பெற்றவருக்கே உரியது.

தகட்டுப் பெட்டிக்கு வேறு மருந்து. இங்கிலாந்தின் கட்டட விதி வழிகாட்டலே, கடினத்தன்மை 200-ஐத் தாண்டும் இடங்களில் காம்பி பாய்லரின் வெந்நீர்ப் பக்கத்துக்கு வரும் நீரைப் பதப்படுத்தச் சொல்கிறது. காம்பியில் வெந்நீரின் அளவைச் சுமார் 50 டிகிரியில் வைத்தாலும் படிவு வெகுவாகக் குறையும். தனித் தொட்டியில் வெந்நீர் சேமிப்பவர்கள் இப்படிக் குறைக்கக்கூடாது. கிருமி பெருகாதிருக்க அங்கே 60 வேண்டும். மென்னீராக்கி வைத்திருப்பவர்கள், அந்த நீரை ரேடியேட்டர் வட்டத்தில் நிரப்பலாமா என்று பாய்லரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அலுமினிய வெப்பமாற்றி உள்ள சில பாய்லர்களுக்கு அது ஆகாது.

பழுது பார்க்க வருபவரிடம் "சத்தம் போடுகிறது" என்பதோடு நிறுத்தாமல், கடந்த ஆண்டில் எத்தனை முறை பிரஷர் ஏற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மாதம் ஒருமுறைக்கு மேல் என்றால், வெப்பமாற்றியை மாற்றுவதற்கு முன் வெசலைச் சோதிக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.