ஒப்பந்த நகலைப் பேசி முடிக்கும் முறை

வெளியூர் வியாபாரக் கம்பெனிகளுக்குச் சரக்கு நெய்து கொடுக்கும் சங்கங்கள் ஒப்பந்தம் எழுதும்போது, விலை ஒன்றையே பெரிதாகக் கருதிப் பேசுவது வழக்கம். விலை படிந்ததும் எஞ்சிய ஷரத்துக்களை மேலோட்டமாகப் படித்துக் கையொப்பமிட்டு விடுகின்றனர். ஆனால் விலையில் பெற்ற லாபத்தை வேறொரு ஷரத்து சத்தமின்றித் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூடும். அது நேராதிருக்க இரண்டு காரியங்கள் வேண்டும். எதைக் கொடுத்து எதைப் பெறுவது என்று கணக்கிட வேண்டும். பெற்றது அடுத்த நகலில் அப்படியே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்குவோம். இதில் வரும் விலைகள் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை.

ஒரு சங்கம் 4,000 பருத்திப் போர்வைகள் நெய்து கொடுக்க இசைகிறது. சங்கம் கேட்கும் விலை போர்வை ஒன்றுக்கு 400 ரூபாய். கம்பெனி அனுப்பிய முதல் நகலில் உள்ளவை இவை: விலை 395 ரூபாய், அது கடைசிவரை மாறாது, சரக்கு முழுவதும் ஒரே தேதியில் வந்து சேர வேண்டும், ஒப்படைத்த நாளிலிருந்து 45 நாளில் பணம் கொடுக்கப்படும்.

ஐந்து ரூபாய்க்காக வாதாடத் தொடங்குமுன், ஒவ்வொரு ஷரத்தும் போர்வை ஒன்றுக்கு எத்தனை ரூபாய் பெறும் என்று பார்ப்போம். சரக்கின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 16 லட்சம். சங்கம் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டிக்குக் கடன் வாங்கி நூலும் கூலியும் கொடுப்பதானால், பணம் ஒரு மாதம் தாமதித்து வருவதால் 16,000 ரூபாய் வட்டி ஏறும். அதாவது போர்வைக்கு 4 ரூபாய். எனவே 45 நாள் என்பதை 15 நாளாகக் குறைப்பதும் விலையை 4 ரூபாய் உயர்த்துவதும் ஏறக்குறைய ஒன்றே.

இனி நூலைக் கவனிப்போம். போர்வை ஒன்றுக்கு முக்கால் கிலோ நூல் என்றும், கிலோ 300 ரூபாய் என்றும் கொண்டால், நூலுக்கு மட்டும் 225 ரூபாய் ஆகிறது. நெசவு முடிவதற்குள் நூல் விலை 10 விழுக்காடு ஏறினால் போர்வைக்கு 22 ரூபாய் 50 காசு நட்டம். 4,000 போர்வைக்கு 90,000 ரூபாய். ஆக, நாம் வாதாட எண்ணிய ஐந்து ரூபாயைக் காட்டிலும் ‘விலை மாறாது’ என்னும் சொற்களே பெரிய ஆபத்து என்பது விளங்கும்.

இப்பொழுது முதன்மை வரிசை தானாகவே அமைகிறது. விடக்கூடாதது நூல் விலை ஷரத்து. பெற முயல வேண்டியது விரைவில் பணம். விட்டுக்கொடுக்கக் கூடியது விலையில் ஐந்து ரூபாய். இதனோடு எதிர்த்தரப்பார் எதை அதிகம் விரும்புகிறார்கள் என்றும் கேட்டறிய வேண்டும். கம்பெனிக்குத் தீபாவளி விற்பனை முக்கியம்; பாதிச் சரக்கு மூன்று வாரம் முன்னதாக வந்தால் அவர்களுக்குப் பெரும் நன்மை. சங்கத்திற்கோ, நெய்து அடுக்கியதை இரண்டு தவணையாக அனுப்ப ஒரு வண்டிக் கூலிதான் அதிகம். நமக்கு மலிவாகவும் அவர்களுக்கு அருமையாகவும் உள்ளதைக் கொடுத்து, நமக்கு அருமையானதைப் பெறுவதே பேரத்தின் சாரம்.

ஆகவே சங்கம் இரண்டாம் நகலில் இவ்வாறு எழுதுகிறது: விலை 395-க்கு இசைகிறோம், 2,000 போர்வைகளை மூன்று வாரம் முன்னதாகவே தருகிறோம், அதற்கு ஈடாகப் பணம் 15 நாளில் வர வேண்டும், ஒப்பந்த நாளின் நூல் விலை 5 விழுக்காட்டுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும், 5-க்கு மேற்பட்ட பகுதிக்கு ஏற்பப் போர்வை விலை மாற வேண்டும். இவை நான்கும் ஒரே கட்டு. ஒன்றை மறுத்தால் மற்றவையும் நில்லா என்று கடிதத்தில் தெளிவாகக் கூற வேண்டும். இல்லையேல் நாம் கொடுத்ததை எடுத்துக்கொண்டு, கேட்டதை மட்டும் மறுப்பது எளிதாகிவிடும்.

விலையில் விட்டது 5 ரூபாய். தவணையில் பெற்றது ஏறக்குறைய 4 ரூபாய். போர்வைக்கு ஒரு ரூபாயும் ஒரு வண்டிக் கூலியும் செலவிட்டு, நூல் 10 விழுக்காடு ஏறினால் 11 ரூபாய் 25 காசு பெறும் காப்பைச் சங்கம் வாங்கியிருக்கிறது. நூல் முழுவதையும் முன்னரே வாங்கி வைத்திருக்கும் சங்கத்திற்கு இந்த ஷரத்து ஆகாது. விலை இறங்கினால் அதற்கு நட்டமே வரும்.

கம்பெனி மூன்றாம் நகலை அனுப்புகிறது. நாம் கேட்ட நான்கும் அதில் உள்ளன. ‘ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாள்’ என்பதும் அப்படியே இருக்கிறது. ஆயினும் முதல் ஷரத்தில், சொற்பொருள் விளக்கத்தில், ஒரு மாற்றம். முன்பு ‘ஒப்படைப்பு என்பது சரக்கு கிடங்கில் இறங்குவது’ என்றிருந்தது. இப்பொழுது ‘வாங்குவோர் தரம் சோதித்து ஏற்றுக்கொள்வது’ என்றிருக்கிறது. சோதனைக்குக் காலவரையறை இல்லை. அது இரண்டு மாதம் நீடித்தால் போர்வைக்கு 8 ரூபாய் வட்டி. தவணையில் பெற்றதைப்போல் இரு மடங்கு போய்விடும். பணம் தரும் ஷரத்தை மட்டும் படிப்பவர் இதைக் காணமாட்டார்.

இத்தகைய மாற்றத்தைக் கண்டுபிடிக்க, எதிர்த்தரப்பார் வண்ணமிட்டுக் காட்டிய திருத்தங்களை மட்டும் நம்பக் கூடாது. அந்த அடையாளத்தை நிறுத்திவிட்டும் திருத்த முடியும். நாம் கடைசியாக அனுப்பிய நகலையும் திரும்பி வந்த நகலையும் கம்ப்யூட்டரில் `Review` பகுதியிலுள்ள `Compare` கொண்டு ஒப்பிட்டால், சொல்லாத மாற்றமும் வெளிப்படும். காகிதத்தில் வந்திருந்தால், ஒருவர் பழையதை வாய்விட்டுப் படிக்க, மற்றொருவர் புதியதில் விரல் வைத்துத் தொடர வேண்டும். இணைப்பு அட்டவணைகளையும் இவ்வாறே ஒப்பிடுக.

கண்ட மாற்றங்களை ஒரு பதிவேட்டில் எழுதுவோம்: ஷரத்து எண், பழைய வாசகம், புதிய வாசகம், மாற்றியவர், எதற்கு ஈடாக, போர்வைக்கு எத்தனை ரூபாய். ‘எதற்கு ஈடாக’ என்னும் கட்டம் காலியாக இருந்தால், அந்த மாற்றம் பேசப்படாமல் நுழைந்தது என்று பொருள். அதற்காகச் சண்டையிட வேண்டுவதில்லை. அவர்களுக்கும் தரத்தைப் பற்றிய நியாயமான கவலை இருக்கலாம். ‘சோதனை 7 நாளில் முடிய வேண்டும், தவறினால் சரக்கு இறங்கிய நாளே ஒப்படைத்த நாள்’ என்று நான்காம் நகலில் சேர்த்தால் இரு தரப்பும் காக்கப்படும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் வராவிட்டால், வந்த நாளிலேயே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். பணம் தரும் தவணை அதிலிருந்து 45 நாளை மிஞ்சலாகாது. குறு, சிறு தொழிலாரின் சரக்கை விற்கும் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கமும் அச்சட்டத்தில் விற்போராகக் கருதப்படும். மேலும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். ஆதலின் திருத்தத்தோடு திரும்பி வரும் நகல் ஏற்பு அன்று; புதிய கோரிக்கையே. அதன்படி நாம் சரக்கு அனுப்பத் தொடங்கினால், அத்திருத்தத்தை ஏற்றதாக வாதிக்க இடம் உண்டாகும்.

ஆகையால் நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் ‘ஒப்பந்தம் ஏற்கப்பட்டது’ என்று பொதுப்பட எழுதாமல், ‘இன்ன தேதியிட்ட நான்காம் நகல் ஏற்கப்பட்டது’ என்று எண்ணிட்டே எழுதுக. கையொப்பத்திற்கு வரும் பிரதியை அந்நான்காம் நகலோடு மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டு, பக்கந்தோறும் இரு தரப்பாரும் சுருக்கொப்பம் இட்ட பின்னரே தலைவர் கடைசிப் பக்கத்தில் கையொப்பமிட வேண்டும்.